கண்ணுக்குப் பளிச்... வீடியோவில் கறுப்புப் பட்டை! கல்யாண மேடை எல்.இ.டி வாலில் எங்கே கோளாறு?

தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம், மாலை ரிசப்ஷன் என்று வைத்துக்கொள்வோம். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி வால், அதில் மணமக்கள் பெயர் ஜொலிக்கிறது. நேரில் பார்ப்பவர்களுக்குக் குறையே தெரியாது. ஆனால், வீடியோவில் அதே திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். எடிட்டிங்கில் அதைச் சுத்தமாக எடுப்பது ரொம்பக் கஷ்டம்.

ஏன் இப்படி? திரையில் உள்ள எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. வரிசை வரிசையாக மாறி மாறி எரிந்து அணைகின்றன. இந்தச் சுற்று நொடிக்கு எத்தனை முறை நடக்கிறது என்பதுதான் ரெஃப்ரெஷ் ரேட். பேனலைப் பொறுத்து 1920 அல்லது 3840 ஹெர்ட்ஸ் என்று இருக்கும்.

திரை ரொம்பப் பிரகாசமாக இருந்தால் செல்போன் தானாகவே ஷட்டரை வேகமாக்கிவிடும். 1/1000 நொடிக்குப் போய்விட்டது என்றால், 1920 ஹெர்ட்ஸ் திரை அதற்குள் இரண்டு சுற்றுகூட முழுதாக முடித்திருக்காது. சில வரிசைகள் இரண்டு முறையும், சில ஒரே முறையும் பதிவாகும். ஒரே முறை பதிவான இடம் பாதி வெளிச்சத்தில் பட்டையாகத் தெரியும். அதுவே 1/50 நொடி என்றால் 38 சுற்றுகள் பதிவாகும். அதில் ஒன்று கூடிக் குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

அதனால் முதலில் தொட வேண்டியது பிரைட்னஸ். 100-ல் இருந்து 30, 40 சதவிகிதத்துக்கு இறக்கி, மணமக்கள் முகத்துக்கு மேடை லைட்டைக் கூட்ட வேண்டும். திரை அடங்கினால் முகமும் இருட்டடிக்காது, ஷட்டரும் நிதானமாகும். அதற்காக அடிமட்டத்துக்கு இறக்கிவிடவும் கூடாது. விளக்கு எரியும் நேரம் மிகவும் சுருங்கி, மங்கலான நிறங்கள் திட்டுத்திட்டாகத் தெரியும்.

அடுத்தது ரெஃப்ரெஷ் ரேட். NovaLCT மாதிரியான சாஃப்ட்வேரில், பேனல் தாங்கும் அளவுக்கு Refresh Rate-ஐ உயர்த்தலாம். இதிலும் அளவு மீறினால் நிறங்களின் நுணுக்கம் குறையும். 1/16 என்பது போன்ற ஸ்கேன் எண்ணை மட்டும் தொடவே வேண்டாம். அது பேனலின் வயரிங்கோடு வந்தது. மாற்றினால் படமே சிதறிவிடும்.

மாற்றியதை அனுப்பினால் மட்டும் போதாது, Save செய்ய வேண்டும். இல்லையென்றால், கரன்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியதும் பழைய செட்டிங் திரும்பிவிடும்!

சோதிக்கும்போது வெள்ளைப் படத்தை நம்பாதீர்கள். மங்கலான சாம்பல் நிறத்தைத் திரையில் போட்டு, கேமராவை 1/50-ல் வைத்துப் பாருங்கள். குறை இருந்தால் அதில்தான் முதலில் தெரியும். பட்டை இல்லாமல் அலையலையாகக் கோலம் தெரிந்தால் அது வேறு பிரச்னை. திரையின் புள்ளிகளும் கேமராவின் புள்ளிகளும் மோதுவதால் வருவது. கேமராவைக் கொஞ்சம் தள்ளியோ, கோணம் மாற்றியோ வைத்தால் சரியாகிவிடும்.