காசு கொடுத்தது யார் என்று கேட்ட பிறகு…

வேப்பிங் ஆய்வு ஒன்றைக் கையில் கொடுத்தால், ஆய்வுமுறை வகுப்பில் முதலில் எழும் கேள்வி "யார் காசு?" என்பதுதான். சரியான கேள்வி. ஆனா அந்தப் பதிலோடு தாளை மூடிவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஒரு ஆய்வை எடுத்துப் பார்ப்போம்.

2016இல் 'டாக்ஸிகாலஜி மெக்கானிசம்ஸ் அண்ட் மெத்தட்ஸ்' இதழில் வந்தது இது. பணம் கொடுத்தது ஃபோன்டெம் வென்ச்சர்ஸ். 'ப்ளூ' இ-சிகரெட்டை விற்கும் நிறுவனம்; இம்பீரியல் என்ற சிகரெட் கம்பெனிக்குச் சொந்தமானது. கட்டுரையாளர்களில் சிலர் அங்கேயே வேலை பார்ப்பவர்கள். அதனால் முடிவு பொய் என்றாகிவிடாது. எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தீர்மானித்தவர் யார் என்பதுதான் இதில் தெரிகிறது.

அடுத்து ஆட்கள். புகைபிடிக்கும் 105 பேரை 5 நாள் கிளினிக்கிலேயே தங்க வைத்தார்கள். மொத்தம் 7 குழு, அதாவது குழுவுக்குச் சுமார் 15 பேர். மூன்று குழுக்கள் முழுசாக இ-சிகரெட்டுக்கு மாறின. மூன்று குழுக்கள் பாதி சிகரெட்டுக்குப் பதில் இ-சிகரெட் பிடித்தன. ஒரு குழு எல்லாவற்றையும் நிறுத்தியது. யார் எதைப் பிடிப்பது என்பதை ஆய்வாளர்களே முடிவு செய்தார்கள். வீட்டில், பெட்டிக்கடைக்குப் பக்கத்தில், அப்படி யாரும் கட்டுப்படுத்த மாட்டார்கள்.

மூன்றாவது, ஒப்பீடு. இங்கே இல்லாத குழு எது என்று கேளுங்க. வழக்கம்போல சிகரெட் பிடித்தபடியே கிளினிக்கில் தங்கிய குழு இல்லை. ஒவ்வொருவரையும் அவருடைய பழைய அளவோடுதான் ஒப்பிட்டார்கள். கிளினிக்கில் அடைபட்டு இருந்ததால் மட்டும் எவ்வளவு மாறியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

கடைசியாக, வார்த்தை. முழுசாக மாறியவர்களின் சிறுநீரில் நச்சுப்பொருள் குறியீடுகள் 29 முதல் 95 சதவீதம் வரை குறைந்தன. நிறுத்தியவர்களிடமும் ஏறத்தாழ அதே குறைவு. பாதி மாறியவர்களுக்கு 7 முதல் 38 சதவீதம்தான் குறைந்தது, நிக்கோட்டின் 1 முதல் 20 சதவீதம் கூடியது. அளந்தது உடம்புக்குள் போன நச்சை. நோயை யாரும் அளக்கவில்லை. 5 நாளில் அளக்கவும் முடியாது.

இந்த வேறுபாடு சின்ன விஷயம் இல்லை. தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று 2018இல் பிஎம்ஜே இதழில் வந்த தொகுப்பாய்வு காட்டியது. சிகரெட்டைப் பாதியாகக் குறைத்தால் ஆபத்தும் பாதியாகிடும் என்று நம்பி இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

ஆக, தலைப்பை இப்படித் திருத்தி எழுதிப் பாருங்க: "கிளினிக்கில் 5 நாள் சிகரெட்டை அடியோடு விட்டு இ-சிகரெட்டுக்கு மாற்றப்பட்டவர்களிடம் சில நச்சுக்குறியீடுகள் குறைந்தன." ஆய்வு நிரூபித்தது அவ்வளவுதான்.