போபால் மரணமும் ‘தொடர்பில்லை’ என்ற முடிவும்

2020 டிசம்பர் 12 அன்று போபாலின் பீப்பிள்ஸ் மருத்துவமனையில், கோவாக்சின் மூன்றாம் கட்டச் சோதனையில் ஒரு கூலித் தொழிலாளி ஊசி போட்டுக்கொண்டார். பழங்குடியைச் சேர்ந்தவர். டிசம்பர் 21 அன்று அவர் இறந்தார். இடைப்பட்ட நாட்களில் தோள்வலி வந்ததென்றும் வாயில் நுரை தள்ளியதென்றும் குடும்பத்தினர் கூறினர். ஊசி போட்டபின் ஏழு நாட்கள் தொலைபேசியில் விசாரித்தபோது அவர் நலமாகவே இருந்தார் என்றது பாரத் பயோடெக்.

மருந்துச் சோதனையில் பங்கேற்பவர் இறந்தால், காரணம் எதுவாயினும் அது ‘கடுமையான பாதக நிகழ்வு’. பாம்பு கடித்து இறந்தாலும் அறிவிக்க வேண்டும். மருந்தோடு தொடர்புண்டா என்பது அடுத்த கேள்வி. 2019ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மைய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், நெறிமுறைக் குழுவுக்கும், சோதனையை நடத்தும் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மருத்துவரும் நிறுவனமும் 14 நாட்களில் தத்தம் ஆய்வறிக்கையைத் தர வேண்டும். பிறகு நெறிமுறைக் குழு தன் கருத்தைச் சொல்லும். மரணமென்றால் தனி நிபுணர் குழுவும் ஆராயும். இறுதி முடிவு அரசின் கட்டுப்பாட்டு அமைப்புடையது. தொடர்புண்டு என்று அது கண்டால் நிறுவனம் இழப்பீடு தந்தாக வேண்டும்.

2021 ஜனவரி 9 அன்று வெளியிட்ட அறிக்கையில், மரணத்துக்கும் சோதனைக்கும் தொடர்பில்லை என்பது முதற்கட்ட ஆய்வில் தெரிவதாக நிறுவனம் கூறியது. பிரேதப் பரிசோதனை அறிக்கை, நஞ்சு காரணமாக இதயமும் சுவாசமும் செயலிழந்திருக்கலாம் என்று ஐயப்பட்டிருந்தது. மாற்றுக் காரணம் இருப்பது காரணத் தீர்ப்பில் வலுவான சான்றுதான். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஐயம் உறுதியாக வேண்டுமானால் உள்ளுறுப்பு மாதிரிகளின் தடயவியல் முடிவு வேண்டும். அவருக்குச் செலுத்தப்பட்டது தடுப்பூசியா, மருந்தற்ற போலி ஊசியா என்பதும் அப்போது திறக்கப்படவில்லை. அதைச் சொல்ல இயலாது என்று நிறுவனமே கூறியது. இவ்விரண்டும் தெரியாத நிலையில் மருந்தை விற்கப்போகிறவர் சொல்லும் ‘தொடர்பில்லை’, ஒரு தரப்பின் கருத்து மட்டுமே.

ஏழு நாள் தொலைபேசி விசாரணையின் குறையும் இங்கே தெரிகிறது. கூலி போய்விடுமென்று வலியைச் சொல்லாமல் வேலைக்குப் போகிறவர், தொலைபேசியிலும் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் சொல்வார். அந்தப் பதிவை மட்டும் பார்க்கும் தீர்ப்பில் அவருடைய வலி இடம்பெறாது.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு சேரிக் குடும்பத்துக்கு இது நேர்ந்தால், அன்று மாலையே அடக்கம் முடிந்துவிடக்கூடும். பிரேதப் பரிசோதனை இல்லையெனில் பிறகு எந்தக் குழுவும் ஊகிக்கத்தான் முடியும். எனவே உடலை எடுப்பதற்கு முன் பிரேதப் பரிசோதனை கேட்க வேண்டும். நோய்க்குறி தொடங்கிய நாளை எழுதிவைக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தின் நகலைப் பங்கேற்பாளருக்குத் தருவது கட்டாயம். அந்த நகலை எடுத்துக்கொண்டு, ஆய்வு மருத்துவரிடம் மட்டுமன்றி நெறிமுறைக் குழுவுக்கும் எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.