பத்து உறுப்புகள், ஏழு அட்டைகள்

பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்கள் தவறாமல் கடந்து வருகிற ஒரு பாடம் உண்டு: 5 வோல்ட் பவர் சப்ளை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி.யை டிரான்ஸ்ஃபார்மர் 9 வோல்ட் ஏ.சி.யாகக் குறைக்கும். நான்கு டையோடுகள் அதை ஒரே திசையில் ஓட வைக்கும். ஒரு பெரிய கெப்பாசிட்டர் அதன் ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும். 7805 என்ற ரெகுலேட்டர் ஐ.சி. அதைச் சரியாக 5 வோல்ட்டில் நிறுத்தும். மின்சாரம் வருகிறது என்று காட்ட ஓரத்தில் ஒரு சிவப்பு எல்.இ.டி.

ஆசிரியர் இதை ஒரு மணி நேரத்தில் நன்றாகவே சொல்லி முடிப்பார். மாணவரும் நாலு பக்கம் எழுதிக்கொள்வார். மறுநாள் லேபில் அதே மாணவரின் கையில் ஒரு சின்ன உருளையைக் கொடுத்து, ‘இது என்ன, எந்தக் கால் எங்கே போகும்?’ என்று கேட்டால் தயங்கி நிற்கிறார். ‘கெப்பாசிட்டர் மின்னூட்டத்தைச் சேமிக்கும்’ என்று நோட்டில் எழுதியிருக்கிறதே தவிர, அந்த வாக்கியத்துக்கும் கையிலிருக்கும் உருளைக்கும் நடுவில் எந்த வழியும் போடப்படவில்லை. உறுப்புக்கு ஒன்றாக எழுதும் அடையாள அட்டைகள் அந்த வழியைப் போடுகின்றன. ஆனால் நோட்டில் இருப்பதை அப்படியே சின்ன எழுத்தில் அட்டைக்கு மாற்றினால் பயனில்லை. பாடத்தைப் பிரித்து எடுக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? ஆசிரியரின் பேச்சிலிருந்து அல்ல, அவர் பலகையில் வரைந்த சர்க்யூட்டிலிருந்து. அதில் ஒவ்வொரு குறியீட்டின் பக்கத்திலும் T1, D1, C1, U1, R1 என்று ஒரு பெயர் இருக்கும். அதுதான் அட்டைகளின் பட்டியல். நம் பவர் சப்ளையில் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, டையோடு நான்கு, கெப்பாசிட்டர் இரண்டு, ரெகுலேட்டர், ரெசிஸ்டர், எல்.இ.டி. என மொத்தம் பத்து உறுப்புகள். நான்கு டையோடுகளும் ஒரே வேலையைச் செய்வதால் அவற்றுக்கு ஓர் அட்டை போதும். இரண்டு கெப்பாசிட்டர்களுக்கோ தனித்தனி அட்டை வேண்டும். பெயர் ஒன்றானாலும் அவை செய்யும் வேலை வேறு, தோற்றம் வேறு, மதிப்பும் பத்தாயிரம் மடங்கு வேறு. ஆக ஏழு அட்டைகள்.

C1 என்கிற பெரிய கெப்பாசிட்டரை மட்டும் கடைசி வரை போய்ப் பார்ப்போம். மற்ற அட்டைகளுக்கான பாடம் பெரும்பாலும் இதிலேயே இருக்கிறது.

முதலில் குறியீடு. இரண்டு இணைகோடுகள், ஒன்றின் அருகே கூட்டல் குறி. பல நூல்களில் மற்றக் கோடு வளைந்திருக்கும். இப்போது உறுப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உறையின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை ஓடும், அதற்குள் கழித்தல் குறிகள் இருக்கும். அந்தப் பட்டைக்கு நேராக இருப்பது நெகட்டிவ் கால். அதாவது, சர்க்யூட் படம் பாசிட்டிவ் பக்கத்தைக் காட்டுகிறது, உறுப்பின் உடல் நெகட்டிவ் பக்கத்தைக் காட்டுகிறது. புதிதாகச் சாலிடர் பிடிப்பவர்கள் ‘குறி இருக்கிற பக்கம் குறி இருக்கிற பக்கத்துக்கு’ என்று நினைத்துத் தலைகீழாகப் பொருத்திவிடுவது இதனால்தான். அப்படிப் பொருத்தி மின்சாரம் கொடுத்தால் உள்ளேயிருக்கும் ஆக்ஸைடு படலம் சிதையும், கெப்பாசிட்டர் சூடாகும், உள்ளே வாயு சேரும். பெரிய கெப்பாசிட்டர்களின் தலையில் கத்தியால் கீறியதுபோல் கோடுகள் இருப்பது அந்த வாயு பிய்த்துக்கொண்டு வெளியேறத்தான். எனவே C1 அட்டையில் குறியீட்டை மட்டும் வரைந்தால் போதாது. பக்கத்தில் உறுப்பின் உடலையும் வரைந்து, கூட்டல் குறியிட்ட கோட்டிலிருந்து பட்டை இல்லாத காலுக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். டையோடில் இந்தச் சிக்கல் இல்லை. குறியீட்டில் முக்கோணத்தின் முனையில் நிற்கும் குறுக்குக்கோடும், உடலில் உள்ள வெள்ளி வளையமும் ஒரே முனையைத்தான் குறிக்கின்றன.

அடுத்தது வேலை. ‘மின்னூட்டத்தைச் சேமிக்கும்’ என்பது எல்லாக் கெப்பாசிட்டருக்கும் பொருந்துகிற வரி. அட்டைக்கு வேண்டியது, இந்த சர்க்யூட்டில் இந்த இடத்தில் அது என்ன செய்கிறது என்பது. டையோடுகளைத் தாண்டி வரும் மின்னழுத்தம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஏறும்போது C1 நிரம்புகிறது, இறங்கும்போது தன்னிடமுள்ளதைக் கொடுத்துப் பள்ளத்தைத் தூர்க்கிறது. இதை இரண்டு வரியில் எழுதலாம். கூடவே ஒரு வரி: ‘இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?’ ஆசிரியர்கள் இதைப் பெரும்பாலும் வகுப்பில் வாய்வழியாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், பலகையில் எழுதமாட்டார்கள். அட்டைக்காகக் காது கொடுத்துப் பிடிக்க வேண்டிய வரி இதுதான். C1 இல்லாவிட்டால் நொடிக்கு 100 தடவை 7805-க்குப் போதிய மின்னழுத்தம் கிடைக்காமல் வெளியீடும் சரிந்து சரிந்து எழும்.

மூன்றாவது மதிப்பு. இங்கேதான் பெரும்பாலான அட்டைகள் கெட்டுப்போகின்றன. உடலில் 1000µF 25V என்று அச்சாகியிருக்கும். வகுப்பிலும் இரண்டு எண்களையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள், கடையிலும் அப்படியே கேட்டு வாங்குவோம். ஆனால் அவை இரண்டு வகையான எண்கள். 1000 மைக்ரோஃபாரட் என்பது அந்த உறுப்பின் அளவு, அது எவ்வளவு கொள்ளும் என்பது. 25 வோல்ட் என்பது அதன் தாங்கும் வரம்பு. ‘25 வோல்ட் கெப்பாசிட்டர் 25 வோல்ட் கொடுக்கும்’ என்று நம்பும் மாணவர்கள் இருக்கிறார்கள். அட்டையில் இரண்டும் பக்கம்பக்கமாகக் கிடந்தால் அப்படித்தான் நம்பத் தோன்றும். ஆகவே அட்டையை நடுவே கோடிட்டுப் பிரித்து, ஒரு பக்கம் ‘அளவு’, மறுபக்கம் ‘வரம்பு’ என்று எழுதுவது நல்லது. 1N4007 டையோடுக்கு அளவு, கடக்கும் மின்சாரத்தில் அது விழுங்கும் சுமார் 0.7 வோல்ட். வரம்பு, 1 ஆம்பியர், 1000 வோல்ட். 7805-க்கு அளவு 5 வோல்ட் வெளியீடு. வரம்பு, உள்ளே 35 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது.

வழக்கமான மதிப்பு என்று சொல்வதும் ஒரு கணக்கிலிருந்து வருவதுதான். C1-க்கு ஏன் 1000 மைக்ரோ? டிரான்ஸ்ஃபார்மரின் 9 வோல்ட் ஏ.சி.யின் உச்சி 12.7 வோல்ட். எந்த நேரத்திலும் இரண்டு டையோடுகள் வழியாக மின்சாரம் போவதால் 1.4 வோல்ட் கழிந்து 11.3 வோல்ட் மிஞ்சும். கெப்பாசிட்டரின் மேல் மின்னழுத்தம் எவ்வளவு தாழும் என்பதை ஏறத்தாழக் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறது:

ΔV = I ÷ (100 × C)

0.3 ஆம்பியர் எடுத்தால், 1000 மைக்ரோஃபாரட்டில் 3 வோல்ட் தாழும். 11.3 என்பது 8.3 வரை இறங்கும். 7805 ஒழுங்காக வேலை செய்ய உள்ளே குறைந்தது 7 வோல்ட் போலத் தேவை, எனவே தப்பித்துவிடும். இதே 0.5 ஆம்பியர் எடுத்தால் 5 வோல்ட் தாழ்ந்து 6.3-க்கு வந்துவிடும். அப்போது 5 வோல்ட் வெளியீடு ஆடத் தொடங்கும், அதோடு இணைத்த ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கரில் ‘ஹம்’ என்று இரைச்சல் வரும். ஆகவே அட்டையில் வெறுமனே ‘1000’ என்று எழுதியவர் அரைகுறைத் தகவலைத்தான் எழுதியிருக்கிறார். ‘1000 மைக்ரோ, 0.3 ஆம்பியர் வரை’ என்று எழுத வேண்டும்.

25 வோல்ட் வரம்பு எப்படி வந்தது என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. 11.3 வோல்ட்டுக்கு 16 வோல்ட் கெப்பாசிட்டரே போதும்போல் தெரியும். ஆனால் சுமை இல்லாதபோது சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் தங்கள் மேல் எழுதியுள்ளதைவிடக் கணிசமாகக் கூடுதலாகவே கொடுக்கும், லைன் மின்னழுத்தமும் ஏறும். அதனால்தான் அடுத்த படியான 25.

C2 அட்டை இதைவிடச் சின்னது, ஆனால் அதில் ஒரு தனிப் பொறி இருக்கிறது. 7805-இன் வெளியீட்டுக் காலை ஒட்டிப் போடும் செராமிக் கெப்பாசிட்டர் அது. ஆசிரியர் ‘0.1 மைக்ரோ’ என்பார். உடலில் 0.1 என்று எங்கேயும் இருக்காது, 104 என்றிருக்கும். 10-க்குப் பின் நான்கு சுழி, பிக்கோஃபாரட்டில். அதாவது 1,00,000 பிக்கோஃபாரட், அதுவே 0.1 மைக்ரோஃபாரட். பாடத்தில் கேட்ட எண்ணையும் உடலில் படிக்கிற எண்ணையும் அட்டையில் ஒன்றாக எழுதாவிட்டால் பெட்டியில் அந்த உறுப்பைக் கண்டுபிடிக்க முடியாது. எல்.இ.டி.யோடு வரும் ரெசிஸ்டரும் இப்படித்தான். 5 வோல்ட்டில் எல்.இ.டி. எடுக்கும் 2 வோல்ட் போக மீதி 3 வோல்ட், 10 மில்லி ஆம்பியருக்கு 300 ஓம் என்று பலகையில் கணக்கு முடியும். கடையில் பரவலாகக் கிடைக்கும் E12 வரிசையில் 300 இல்லை, 270-க்கு அடுத்தது 330. ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு. அட்டையில் ஏற வேண்டியது இந்த 330-தான்.

ரெகுலேட்டர் அட்டையில் கால்களின் வரிசைக்கே முதலிடம். எழுத்து நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் 7805-க்கு இடமிருந்து உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு. குறியீட்டில் அது வெறும் ஒரு பெட்டிதான், கால்களின் வரிசையைக் காட்டாது. அச்சு அசலாக அதேபோல் இருக்கும் 7905 மைனஸ் 5 வோல்ட் தரும் ரெகுலேட்டர், அதன் வரிசை கிரவுண்ட், உள்ளீடு, வெளியீடு. ‘எழுத்தைப் படி’ என்று அட்டையின் மேலேயே எழுதி வைப்பது வீண்போகாது.

எழுதிய அட்டைகள் சரிதானா என்று சோதிப்பதற்கு அட்டைகளை வைத்துக்கொண்டே கேள்வி கேட்பது அவ்வளவு பயன் தராது. பழைய போர்டுகளிலிருந்து கழற்றிய உறுப்புகளை ஒரு தட்டில் கலந்து போட்டு, ஒன்றை எடுத்து, அட்டையைப் பார்க்காமல் அதன் பெயர், குறியீடு, வேலை, அளவு, வரம்பு ஐந்தையும் சொல்லிப் பார்க்க வேண்டும். டையோடு என்று சொன்னதை மல்ட்டிமீட்டரின் டையோடு நிலையில் வைத்துப் பார்த்தால், ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வரை ஓர் எண் காட்டும், மறுதிசையில் OL என்று காட்டும். எங்கே தடுமாற்றம் வருகிறதோ அந்த அட்டையில் எழுதியது போதவில்லை என்று பொருள். பெரும்பாலும் அது உடலின் மேல் அச்சாகியுள்ளதை அட்டையில் எழுத விட்டுப்போனதாகத்தான் இருக்கும்.

ஏழு அட்டைகளும் தனித்தனியாக இருந்தாலும் மதிப்புகள் தனித்தனியாக இல்லை. 0.5 ஆம்பியர் வேண்டும் என்று C1-ஐ 2200 மைக்ரோவாக மாற்றினால் தாழ்வு 2.3 வோல்ட்டாகக் குறையும், அட்டையும் சரியாகிவிடும். ஆனால் அதே நேரம் 7805-க்குள் சராசரியாக 10 வோல்ட்டுக்குச் சற்று மேல் நுழைந்து 5 வோல்ட்டாக வெளியேறும், மிச்சமான 5 வோல்ட் 0.5 ஆம்பியரோடு சேர்ந்து சுமார் 2.6 வாட் சூடாகும். ஹீட் சிங்க் இல்லாமல் அது தாங்காது, சூடு ஏறி ஐ.சி. தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஆகவே C1 அட்டையில் 1000-ஐ அடித்து 2200 என்று எழுதும் பென்சிலைக் கீழே வைப்பதற்கு முன், U1 அட்டையின் வரம்புப் பக்கத்தில் ‘ஹீட் சிங்க் கட்டாயம்’ என்றும் எழுதிவிட வேண்டும்.