காலத்தை விற்று காலத்தை வாங்குதல்: கலண்டர் ஸ்பிரெட்டின் கணக்கு

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான் சென்ற வருடம் தொலைபேசியில் சொன்னார்: “நாள் போகப் போக எங்களுக்குக் காசு. பங்கு ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.” அமெரிக்கச் சந்தையில் அவர் செய்துகொண்டிருந்தது கலண்டர் ஸ்பிரெட். அவர் சொன்னதை நான் கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு பங்கை 100 டொலருக்கு வாங்கும் உரிமையே இங்கு கோல் ஒப்ஷன். பங்கின் விலையும் இன்று 100 டொலர் என்று வைத்துக்கொள்வோம். விலை வருடத்துக்கு 20 வீதம் அளவில் அசையும் எனச் சந்தை எதிர்பார்த்தால், 30 நாள் உரிமையின் விலை ஏறத்தாழ 2.30 டொலர். 60 நாள் உரிமை இரண்டு மடங்கு அல்ல, 3.25 டொலர்தான். அதன் விலை நாட்களின் வர்க்கமூலத்தோடுதான் கூடுகிறது.

அதனால் பங்கு விலை அசையாவிட்டால், அடுத்த 30 நாளில் கிட்டிய உரிமை 2.30 டொலரையும் இழந்து பூச்சியமாகும். தூர உரிமை இழப்பது 95 சதம் மட்டுமே. கிட்டியதை விற்று, தூரத்தை வாங்கினால் கையிலிருந்து போவதும் அதே 95 சதம். ஓர் ஒப்பந்தம் 100 பங்குகளுக்கானது என்பதால் 95 டொலர். முப்பதாம் நாள் பங்கு 100இலேயே நின்றால் தூர உரிமையை 230 டொலருக்கு விற்கலாம். தரகுக் கூலியை விட்டால் இலாபம் 135 டொலர்.

பங்கு 110க்கு ஏறினால் என்ன? விற்ற உரிமைக்கு 1,000 டொலர் கொடுக்கவேண்டும். வைத்திருப்பதன் பெறுமதி ஏறத்தாழ 1,010. மிஞ்சுவது 10 டொலர். 90க்கு இறங்கினாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் மிஞ்சும். போட்ட 95இல் பெரும்பகுதி போய்விடும்.

மச்சான் கவனிக்காதது இதைத்தான். இந்தக் கணக்கில் இலாபம் தரும் எல்லை ஏறத்தாழ 96.50 முதல் 103.50 வரை. ஆனால் 20 வீத அசைவுள்ள பங்கு ஒரு மாதத்தில் 5.70 டொலர் அங்குமிங்கும் போவது வழமையே. அந்த எல்லைக்குள் அது நிற்கும் வாய்ப்பு பாதியிலும் சற்றுக் குறைவு.

இன்னொன்றும் உண்டு. சந்தையின் எதிர்பார்ப்பு 20 வீதத்திலிருந்து 15ஆகத் தணிந்தால், பங்கு 100இல் நின்றாலும் தூர உரிமை 172 டொலர்தான் பெறும். இலாபம் 77ஆகச் சுருங்கும்.

மச்சானின் பங்கு மூன்றாவது கிழமையில் துள்ளியது. அவர் இரண்டு உரிமைகளையும் ஒன்றாக முடித்திருந்தால் இழப்பு போட்ட பணத்தோடு நின்றிருக்கும். விலை திரும்பி இறங்கும் என்று நம்பி, விற்ற உரிமையை மட்டும் அதிக விலைக்கு வாங்கி முடித்தார். பங்கு உண்மையில் இறங்கியது. கையில் தனியாக நின்ற உரிமையும் அதோடு தேய்ந்தது. இழப்பு, போட்டதைவிடப் பல மடங்கு.

“காலம் காசு தந்ததுதான்,” என்றார் பிறகு. “பங்கு அசையாமல் நின்ற நாட்களில் மட்டும்.”