பதிவு மேசைக்கு ஒரு பக்கத் தாள்

ஒரு மருத்துவர் மாநாடு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 பேர். 540 பேர் முன்பே பதிவு செய்தவர்கள். மீதி 60 பேர் அன்று காலையில் நேரில் வந்து பணம் கட்டிச் சேர்பவர்கள். அழைப்பிதழில் பதிவு 8:00 மணி, தொடக்க விழா 9:30 மணி என்று அச்சாகியிருக்கிறது. வாசலில் மேசை போட்டு உட்காரப்போகிறவர்கள் கையில் ஒரு தாள் கொடுக்க வேண்டும். யாருக்கு என்ன வேலை, எத்தனை மணிக்கு எது, சிக்கல் வந்தால் யாரிடம் போவது என்று சொல்லும் அந்தத் தாளுக்கு நிகழ்ச்சி நடத்துபவர்கள் வைத்திருக்கும் பெயர் ரன் ஷீட்.

முதல் கேள்வி, எத்தனை பேர் மேசையில் உட்கார வேண்டும் என்பது. 8:00 முதல் 9:30 வரை 90 நிமிடம், 540 பேர். நிமிடத்துக்கு 6 பேர். க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து, பெயர் சரிபார்த்து, பேட்ஜும் பையும் கொடுக்க ஒருவருக்கு 40 விநாடி ஆகிறது என்றால் நான்கு கவுன்ட்டர் போதும் என்று கணக்கு வரும். இந்தக் கணக்கை நம்பித்தான் பல மாநாடுகளில் வரிசை தெருவுக்கு வருகிறது. ஜனம் சீராக வருவதில்லை. எட்டு மணிக்குச் சிலர் வருவார்கள், பிறகு கொஞ்சம் ஓய்வு, 8:45-க்கு மேல் ஒரே கூட்டம். பாதிப் பேர், அதாவது 270 பேர், 8:45-க்கும் 9:15-க்கும் நடுவில் வருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 9 பேர். ஒரு கவுன்ட்டர் நிமிடத்துக்கு ஒன்றரைப் பேரை அனுப்பும். ஆறு கவுன்ட்டர் இருந்தால் வருவதும் போவதும் சரிக்குச் சரி. ஒருவர் தண்ணீர் குடிக்கத் திரும்பினாலும் வரிசை வளரும், வளர்ந்தது குறையாது. ஆகவே ஏழு.

நேரில் பதிவு செய்பவர்கள் விஷயம்தான் பலருக்கும் எதிர்பாராதது. 60 பேர்தானே என்று ஒரே ஒரு ஆளை உட்கார வைப்பார்கள். விவரம் எழுதி, பணம் வாங்கி, ரசீது போட்டு, பேட்ஜ் அச்சிட ஒருவருக்கு 4 நிமிடம் பிடிக்கும். அதே அரை மணியில் 30 பேர் வந்தால் நிமிடத்துக்கு ஒருவர். அவர்களுக்கென்று நான்கு கவுன்ட்டர் மூச்சுவிட நேரமில்லாமல் ஓட வேண்டும். வரிசையில் நிற்கும்போதே கைபேசியில் படிவத்தை நிரப்பச் செய்தால் 4 நிமிடம் 2 நிமிடமாகிவிடும், மூன்று கவுன்ட்டரில் சமாளிக்கலாம். அதற்காகத்தான் வரிசையை ஒழுங்குபடுத்த ஒருவர் வேண்டும் என்கிறேன். அவர் வேலை வணக்கம் சொல்வது மட்டுமல்ல. படிவத்தின் க்யூஆர் கோடு ஒட்டிய அட்டையைக் காட்டி நிரப்ப வைப்பதும், முன்பதிவு செய்தவரை அவர்களுக்கான வரிசைக்கு அனுப்புவதும்தான்.

பேட்ஜை முன்பே அச்சடித்து எழுத்து வாரியாக அடுக்கினால் இன்னொரு தொல்லை வரும். A முதல் D, E முதல் H என்று எழுத்தைச் சமமாகப் பிரித்தால் நம் ஊர்ப் பட்டியலில் K, M, R, S மேசைகளில் கூட்டம் பிதுங்கும். E மேசைக்காரர் சும்மா உட்கார்ந்திருப்பார். அதோடு இனிஷியல் தகராறு. 'S முருகன்' என்று பதிந்தவர் S-இல் இருக்கிறாரா, M-இல் இருக்கிறாரா? பெயர்களை எண்ணிப் பார்த்துப் பிரியுங்கள். இனிஷியலை எங்கே வைத்தோம் என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள். ஸ்கேன் செய்து அங்கேயே அச்சிடும் வசதி இருந்தால் எழுத்துப் பிரிவே வேண்டாம். ஒரே வரிசை, காலியாகும் கவுன்ட்டருக்கு அடுத்தவர்.

நேரத்தைப் பின்னாலிருந்து எழுத வேண்டும். எட்டு மணிக்கு மேசை திறக்கிறது என்றால் 7:50-க்கே இரண்டு கவுன்ட்டர் ஓட ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் முதலில் வருபவர்கள் எட்டுக்கு முன்பே வந்து நிற்பார்கள். அப்படியே பின்னால் போனால் தாளின் மேல்பகுதி இப்படி அமையும்:

6:45 – மின்சாரம், இணையம், பிரின்டர். (பொறுப்பு: தொழில்நுட்பம்)
7:15 – ஐந்து பெயர்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை பதிந்து பார்த்தல். (கவுன்ட்டர் 1, 2)
7:30 – எல்லோரும் கூடிப் பத்து நிமிடப் பேச்சு. (மேசைப் பொறுப்பாளர்)
7:40 – அச்சா, கையெழுத்தா? முடிவு. (மேசைப் பொறுப்பாளர்)

கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை. பிரின்டர் மக்கர் செய்தால் "இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும்" என்று 8:20 வரை போராடுவார்கள். 7:40-க்குள் சரியாகாவிட்டால் வெற்று பேட்ஜில் மார்க்கர் பேனாவால் எழுதுவது என்று தாளே சொல்லிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. பெயர்ப் பட்டியலின் அச்சுப் பிரதியும் மேசையில் இருக்க வேண்டும். 7:15 சோதனையில் வெற்று லேபிள் வந்தால் பதற வேண்டாம். மையில்லாத வெப்பப் பிரின்டரில் தாளின் ஒரு பக்கம்தான் அச்சைப் பிடிக்கும். ரோலைத் திருப்பிப் போட்டிருப்பார்கள்.

இனி சிக்கல்கள். ஒருவர் வருகிறார், பட்டியலில் பெயர் இல்லை. "பணம் கட்டிட்டேனே மேடம், இதோ பாருங்க" என்று கைபேசியை நீட்டுகிறார். கவுன்ட்டரில் இருக்கும் பெண் நல்லவர், உதவ நினைக்கிறார். மின்னஞ்சலைத் தேடுகிறார், யாரையோ அழைக்கிறார். ஆறு நிமிடம். அந்த நேரத்தில் அவர் அனுப்பியிருக்க வேண்டியவர்கள் ஒன்பது பேர். இரண்டு கவுன்ட்டரில் ஒரே சமயம் இப்படி நடந்தால் மீதி ஐந்தும் சேர்ந்து நிமிடத்துக்கு ஏழரைப் பேரைத்தான் அனுப்ப முடியும், வருவது ஒன்பது.

ஆகவே கவுன்ட்டருக்கு ஒரே விதி: ஒரு நிமிடத்தில் முடியாதது எதுவாக இருந்தாலும் ஹெல்ப் டெஸ்க். அதைச் சொல்லும் வாக்கியத்தையும் தாளிலேயே எழுதிவிடுவது நல்லது: "சார், உங்க விஷயத்தை அந்த மேசையில உடனே பார்ப்பாங்க, இவர் கூட்டிட்டுப் போவார்." கூட்டிப்போக ஓர் ஆள் இருக்க வேண்டும், தனியாக அனுப்பினால் அவர் திரும்ப இங்கேயே வந்து நிற்பார். ஹெல்ப் டெஸ்க் எழுத்துப் பிழையைத் திருத்தலாம், தொலைந்த பேட்ஜுக்கு வேறு கொடுக்கலாம், யுபிஐ ரசீதில் உள்ள 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு தற்காலிக பேட்ஜ் தரலாம். பணம் கணக்கில் வந்ததா என்று மதியம் பார்த்துக்கொள்ளலாம். கட்டணத் தள்ளுபடி, ஒருவருக்குப் பதில் இன்னொருவர், சண்டை போடுபவர் ஆகிய மூன்றும் மேசைப் பொறுப்பாளரிடம். யாருக்காவது மயக்கம் என்றால் இந்தப் படிகள் எதுவும் கிடையாது. பார்த்தவரே 108-ஐ அழைத்துவிட்டுப் பிறகு பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒரு பெயர், ஒரு கைபேசி எண், அவர் எடுக்காவிட்டால் இரண்டாவது எண்.

இந்தப் பொறுப்பாளர் எந்தக் கவுன்ட்டரிலும் உட்காரக் கூடாது. வரிசையைப் பார்ப்பதுதான் அவர் வேலை. கூட்டம் அதிகமா என்பதை அவர் கண்ணளவுக்கு விட வேண்டியதில்லை. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி ஒன்று உண்டு: நிற்பவர்கள் எண்ணிக்கை என்பது நிமிடத்துக்கு வருபவர்களையும் அவர்கள் காத்திருக்கும் நிமிடங்களையும் பெருக்கி வருவது. ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் நிற்கக் கூடாது என்றால் 9 பெருக்கல் 5, அதாவது 45 பேர். 45 பேர் நிற்கும் இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டுங்கள். சராசரிக்கான விதி இது, திடீர்க் கூட்டத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனாலும் வரிசையின் வால் டேப்பைத் தாண்டினால் எட்டாவது கவுன்ட்டரைத் திறக்கலாம். அதற்கு ஓர் ஆள் 8:45 முதல் 9:15 வரை வேறு வேலையில்லாமல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

9:45-க்கு மேல் இரண்டு கவுன்ட்டரும் ஹெல்ப் டெஸ்க்கும் போதும். மற்றவர்களைச் சாப்பிட அனுப்பும் நேரமும் தாளில் இருக்கட்டும். ஏழரைக்கே வந்தவர்கள் அவர்கள். 11:00 மணிக்கு நேரடிப் பதிவின் பணத்தை இரண்டு பேர் எண்ணி ரசீதோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். ஹெல்ப் டெஸ்க் குறிப்பேட்டையும் அப்போது புரட்டிப் பாருங்கள். ஒரே மருத்துவமனையிலிருந்து மொத்தமாகப் பணம் கட்டிய பத்துப் பேர் பட்டியலில் விடுபட்டிருப்பது போன்ற விஷயம் அதில்தான் தெரியும். அவர்கள் பெயரைச் சேர்த்துவிட்டு இரண்டாம் நாளுக்கான தாளை அன்று மாலையே திருத்தி அச்சிட்டுவிடலாம்.