உழைத்த பணம் – 11: இரண்டாகப் பிரிய வேண்டிய கடிதம்

வேலையை விட்டு வந்தவர்கள் தொழிலாளர் ஆணையருக்கு எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். முதல் பக்கம் முழுக்க மேலாளர் எப்படி அவமானப்படுத்தினார் என்பது. இரண்டாம் பக்கத்தில் கடைசி மாதச் சம்பளம், விடுப்பு ஊதியம், ரிலீவிங் லெட்டர், பி.எஃப். எல்லாம் கலந்து வரும். கிராஜுவிட்டி என்ற சொல் எங்கோ கடைசிப் பத்தியில் எட்டிப் பார்க்கும், தொகை இருக்காது. சட்டம் மிகத் தெளிவாக அவர் பக்கம் நிற்கும் விஷயமே அதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணியும் அப்படித்தான் எழுதியிருந்தார். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு ஊழியர். 2014 ஜூன் 2 அன்று சேர்ந்து, ராஜினாமா கொடுத்து, 2023 பிப்ரவரி 28 அன்று விலகினார். பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 20,800 ரூபாய், மற்ற படிகளோடு கைக்கு வந்தது 32,000. நிறுவனம் நீட்டிய பைனல் செட்டில்மெண்ட் தாளில் பணிக்கொடை 83,200 என்று இருந்தது. இரண்டு மாத நோட்டீஸில் ஒரு மாதம்தான் வேலை பார்த்தார் என்று அதிலிருந்து 32,000 கழித்து, 51,200 தருவதாகச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டால்தான் செக். அவர் போடவில்லை, பணமும் வரவில்லை. கடைசி மாதச் சம்பளமும் விடுப்பு ஊதியமும் அதோடு நின்றுபோயின.

அந்த 83,200-ஐ எப்படிப் போட்டார்கள் என்று பார்த்தால் இரண்டு தவறு தெரியும். 20,800-ஐ முப்பதால் வகுத்துப் பதினைந்து நாளுக்குக் கணக்கிட்டு, எட்டு வருடத்தால் பெருக்கியிருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், மாதச் சம்பளக்காரருக்கு 26-ஆல் வகுக்கச் சொன்னது. வார விடுமுறை போக மாதத்துக்கு 26 வேலைநாள் என்பது அதன் கணக்கு. அப்படி வகுத்தால் ஒரு நாளைக்கு 800, பதினைந்து நாளுக்கு 12,000. ஆறு மாதத்துக்கு மேல் போகும் மிச்சக் காலம் முழு வருடமாகும். இவருடைய எட்டு வருடம், எட்டு மாதச் சொச்சம் ஒன்பது வருடம். ஆக 1,08,000 ரூபாய். பேசிக் குறைவாகவும் படிகள் அதிகமாகவும் வைத்துச் சம்பளம் பிரிக்கும் நிறுவனங்களில் இந்தத் தொகை சுருங்கிப்போனதும் இந்தக் கணக்கால்தான், ஏனென்றால் வீட்டு வாடகைப்படி போன்றவை இதில் சேரவில்லை.

நோட்டீஸ் பாக்கியைப் பணிக்கொடையில் கழித்தது அடுத்த விஷயம். பணிக்கொடையைப் பறிக்கச் சட்டம் சொல்லும் காரணங்கள் மிகச் சில: வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ நிறுவனத்துக்கு நஷ்டம் உண்டாக்கியது, வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம். அதுவும் அந்தக் காரணத்துக்காக நிறுவனம் ஆளை வேலையிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். தானாக ராஜினாமா செய்தவரிடம் இந்தப் பிரிவைக் காட்ட முடியாது. நோட்டீஸ் சம்பளம் வேண்டுமென்றால் நிறுவனம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். (கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்யாதவர் கதை வேறு. அங்கே நீதிமன்றங்கள் எல்லாச் சமயமும் ஒரே மாதிரி சொல்லவில்லை.)

அவர் தன் மூன்று பக்கக் கடிதத்தைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் மாநிலத் தொழிலாளர் துறைக்குக் கொண்டுபோனார். அங்கே கேட்ட முதல் கேள்வி: “உங்க கம்பெனிக்கு வேற ஸ்டேட்ல பிராஞ்ச் இருக்காம்மா?” பெங்களூரில் இருந்தது. அப்படியானால் பணிக்கொடைக்கு மட்டும் மத்திய அரசின் தொழிலாளர் உதவி ஆணையரிடம், சாஸ்திரி பவனுக்குப் போக வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளை உள்ள நிறுவனத்தின் பணிக்கொடை மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அதே நிறுவனத்தின் சம்பளப் பாக்கித் தகராறோ மாநிலத் துறையிடம்தான் வரும். ஒரே முதலாளி, ஒரே ராஜினாமா, ஆனால் இரண்டு அலுவலகம். மனுதாரர் தலையில் இதை ஏன் கட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் இது தெரியாமல் மாதக்கணக்கில் அலைந்தவர்கள் ஏராளம்.

சாஸ்திரி பவனுக்குப் போவதற்கு முன்னால் ஒரு படி உண்டு. முதலில் நிறுவனத்திடமே படிவம் I-இல் கேட்க வேண்டும். விலகிய முப்பது நாளுக்குள் கொடுப்பது வழக்கம், தாமதமானாலும் உரிமை போய்விடாது. பதினைந்து நாளுக்குள் நிறுவனம் தருகிறேன் என்றோ மறுக்கிறேன் என்றோ எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலோ, குறைத்துச் சொன்னாலோ, தொண்ணூறு நாளுக்குள் படிவம் N-இல் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு. தகுந்த காரணம் சொன்னால் தாமதத்தை அவர் மன்னிக்கலாம். படிவம் I போனதற்குச் சான்று வேண்டும் என்பதால் அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்தினார்.

படிவம் N-உடன் இணைத்த கடிதத்தைத் திருத்தி எழுதியபோது மேலாளர் முழுதாக வெளியேறினார். மிஞ்சியது இவ்வளவுதான்:

“ஐயா, நான் மேற்படி நிறுவனத்தில் 02.06.2014 முதல் 28.02.2023 வரை தொடர்ந்து பணியாற்றி ராஜினாமா செய்தேன். கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் ரூ.20,800. ஒன்பது ஆண்டுகளுக்கு எனக்குச் சேர வேண்டிய பணிக்கொடை ரூ.1,08,000. படிவம் I அனுப்பியும் நிறுவனம் பதில் தரவில்லை. அத்தொகையைச் சட்டப்படியான வட்டியுடன் வழங்க உத்தரவிடக் கோருகிறேன். நியமன ஆணை, கடைசி மூன்று மாதப் பே ஸ்லிப், ராஜினாமாவை ஏற்ற கடிதம், செட்டில்மெண்ட் தாள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.”

சம்பளம், விடுப்பு ஊதியம் பற்றித் தனிக் கடிதம் தேனாம்பேட்டைக்குப் போனது. இரண்டு கடிதத்துக்கும் உள்ள பலம் ஒன்றல்ல. பணிக்கொடையில் அந்த அதிகாரி விசாரித்து உத்தரவே போடலாம். சம்பளப் பாக்கியில், மாதம் 24,000-க்குள் வாங்கியவருக்குத்தான் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தின் வழி திறந்திருந்தது. இவர் அந்த வரம்பைத் தாண்டியவர். தொழிலாளர் துறை நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கும், படியாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம். பணிக்கொடைக்கு இந்த வரம்பு கிடையாது, மேலாளரானாலும் கேட்கலாம்.

விசாரணையில் நிறுவனத்தின் ஆள் வைத்த வாதம், “சி.டி.சி.யிலேயே கிராஜுவிட்டி அடக்கம்” என்பது. பல நியமன ஆணைகளில் பேசிக்கில் 4.81 சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். பதினைந்தை 26-ஆல் வகுத்து, பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டால் வரும் எண் அது. அது நிறுவனம் ஒதுக்கி வைக்கும் கணக்கு, மாதாமாதம் ஊழியர் கையில் வந்த காசல்ல. பே ஸ்லிப்பைப் பார்த்ததும் அந்த வாதம் முடிந்தது. நிறுவனம் பணிக்கொடை தர வேண்டிய முப்பது நாள் கெடு தவறினால் ஆண்டுக்குப் பத்து சதவீதத் தனிவட்டி, அதுவும் விலகிய நாளிலிருந்து. மாதம் 900 வீதம் 22 மாதத்துக்கு 19,800 சேர்ந்து, 1,27,800-க்கு உத்தரவு வந்தது.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால் அந்த மிகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். ராஜினாமா செய்தவரின் ஊதியப் பாக்கியை இரண்டு வேலைநாளுக்குள் தர வேண்டும் என்றும் இருக்கிறது. அதற்கு முன்பே விலகியவர்கள் மேலே சொன்ன பழைய கணக்கையே போட வேண்டும்.

உத்தரவு வந்த பிறகும் நிறுவனம் பணம் கட்டாவிட்டால், அதிகாரி தரும் சான்றிதழ் மாவட்ட ஆட்சியரிடம் போய், நிலவரிப் பாக்கி போல வசூலாகும். அந்தச் சான்றிதழ் எங்கெங்கே தேங்கும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.