தவணை முடியுமுன் விலகுதல்

சென்ற இதழில் கட்டணப் பட்டியலில் நேரும் பிழைகளைப் பற்றி எழுதினேன். இவ்வாரம் எடுத்துக்கொண்ட விஷயம் அதைவிடச் சற்றுச் சிக்கலானது. பணம் கட்டியும் பிரயோஜனப்படாத பிராட்பேண்ட் இணைப்பிலிருந்து ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்கிற காரியம், அடுத்த மாதத் தொகையைக் கட்டாமல் நிறுத்திவிடுவதுதான். கோபத்தில் இயல்பாகத் தோன்றும் அக்காரியமே அவர்களுடைய கட்சியைப் பலவீனப்படுத்திவிடுகிறது. ஏனெனில் அதுவரை வாக்குத் தவறிய தரப்பாக நின்றது கம்பெனி, அன்று முதல் பாக்கிதாரர் என்று ஏட்டில் ஏறுகிறவரோ சந்தாதாரர்.

செஞ்சியில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையோரத்தில், ஜெராக்ஸ் கடையோடு பட்டா, சாதிச் சான்று முதலிய மனுக்களை இணையத்தில் பதிவு செய்து கொடுத்து ஜீவனம் நடத்துகிற ஒருவரை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மாதம் 500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 590. ஆக ஒரு வருஷத்துக்கு 7,080 ரூபாயை முன்பணமாகவே கட்டிவிட்டார். மோடமும் பொருத்துகூலியும் இலவசம். வருஷத்துக்குள் விலகினால் 1,500 ரூபாய் பிடித்துக்கொள்ளப்படும் என்பது நிபந்தனை. ஐந்து மாதம் கழிவதற்குள், கூட்டம் நிற்கிற வேளை பார்த்து இணைப்பு அறுந்துபோவது வழக்கமாகிவிட்டது.

அவர் முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டியது, குற்றம் எவர் பக்கத்தது என்பதை. மோடத்தின் முகப்பில் LOS என்ற எழுத்துக்களுக்கு அருகே சிவப்பு விளக்கு மின்னினால், கண்ணாடி இழையின் வழியே ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இழை எங்கோ அறுந்திருக்கும், அல்லது கடைக்கு உள்ளேயே மேஜைக்காலில் நசுங்கி மடிந்திருக்கும். கடைக்குள் இருக்கும் இழையில் பழுதில்லை என்று கண்ட பிறகே கம்பெனியைக் குறைசொல்ல முடியும். சிவப்பு விளக்கு இல்லாமலே வேகம் குன்றினால், வைஃபையில் அளந்து பார்ப்பது சாட்சியாகாது. சுவரும் தூரமும் வேகத்தைக் குறைத்தன என்று எதிர்தரப்பு எளிதில் சொல்லிவிடும். கணினியை மோடத்தோடு கம்பியால் பிணைத்து அளந்து, தேதியும் நேரமும் தெரியும்படி அந்தத் திரையைப் படம் பிடித்து வைக்க வேண்டும். ஆயினும் ஒப்பந்தத்தில் வேகம் ‘100 வரை’ என்றே அச்சிடப்பட்டிருக்குமாதலால், வேகக் குறைவு ஒன்றை மட்டும் ஆதாரமாகக் கொண்ட வழக்கு மெலிந்த வழக்குத்தான். இணைப்பே இல்லாமல் போன நாட்களின் கணக்குக்கு அதைவிடப் பலம் அதிகம்.

அந்தக் கணக்கைக் கம்பெனியின் ஏட்டிலேயே ஏற்றிவைப்பதுதான் சாமர்த்தியம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2012-இல் வகுத்த குறைதீர்ப்பு விதிகளின்படி, புகார் மையத்தில் தெரிவிக்கும் ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் ஒன்று தரப்பட வேண்டும். லைன் பார்க்க வருகிற பையனிடம் வாய்மொழியாகச் சொன்னதும், அவன் “நாளைக்குச் சரி பண்ணிடறேன் சார்” என்று சொல்லிப் போனதும் எந்த ஏட்டிலும் இரா. புகாருக்குத் திருப்தியான பதில் இல்லையென்றால் முப்பது நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம், கட்டணமின்றி, முறையிடலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராயோ தனிநபர் புகாரை விசாரித்துத் தீர்ப்பளிப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாத விஷயமாகையால், அங்கே மனுவனுப்பிவிட்டுக் காத்திருந்து காலத்தைக் கழித்துவிடுகிறார்கள்.

மேல்முறையீடும் பலிக்காவிட்டால், புகார் எண்களையும் இணைப்பு அற்றுப்போன தேதிகளையும் வரிசையாக எழுதி, இன்ன தேதியோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன், எஞ்சிய ஏழு மாதத்துக்கான 4,130 ரூபாயைத் திருப்பித் தருக என்று விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அப்போது கம்பெனி 1,500 ரூபாய் நிபந்தனையைக் காட்டும். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட அபராதத் தொகை ஓர் உச்சவரம்பே ஆகும். அதற்கு உட்பட்ட நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும், அதுவும் ஒப்பந்தத்தை மீறியவரிடமிருந்து. இங்கே மீறியவர் யார் என்ற கேள்விக்கு அந்தப் புகார் எண்களே விடை சொல்லும்.

அதற்கும் கம்பெனி இணங்காவிட்டால் போக வேண்டிய இடம் நுகர்வோர் மன்றம். இத்தகைய வழக்குக்கு நெடுங்காலம் அதன் வாசலே அடைபட்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. தந்திச் சட்டத்தின் 7பி பிரிவின்படி தொலைபேசித் தகராறுகள் மத்தியஸ்தத்துக்கே போக வேண்டும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதைக் காட்டி, தனியார் கம்பெனிகளும் நுகர்வோர் மன்றங்களின் அதிகாரத்தை ஆட்சேபித்து வந்தன. மாதம் சராசரி 555 ரூபாய் கட்டி வந்த அகமதாபாத் சந்தாதாரர் ஒருவருக்கு ஒரே மாதத்தில் 24,609 ரூபாய்க்குக் கட்டணப் பட்டியல் வந்தது. அவர் 2014-இல் மாவட்ட மன்றத்தை நாடியபோதும் வோடஃபோன் ஐடியா இதே ஆட்சேபத்தை எழுப்பியது. மாவட்டம், மாநிலம், தேசம் என்று படிப்படியாக ஏறிய அந்த வழக்கில், 2022 பிப்ரவரி 16-ஆம் தேதி, நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது. மத்தியஸ்தத்துக்குப் போவதா, நுகர்வோர் மன்றத்துக்குப் போவதா என்று தேர்ந்துகொள்ளும் பாத்தியதை நுகர்வோருக்கே உரியது.

ஆகவே நம் கடைக்காரர், கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த நகரத்தில் இருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில், அதாவது விழுப்புரத்தில், வழக்கு கொடுக்கலாம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்தச் சலுகையைத் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணமும் இல்லை. வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும், அவ்வளவே. “இது வியாபார உபயோகம், இவர் நுகர்வோரே அல்லர்” என்று எதிர்தரப்பு வாதிக்கக்கூடும். சுயதொழிலால் ஜீவனம் தேடுகிறவரை அச்சட்டத்தின் விளக்கக் குறிப்பு நுகர்வோராகவே ஏற்றுக்கொள்வதால், அந்த விவரத்தை மனுவின் முதற்பக்கத்திலேயே எழுதிவிடுவது உத்தமம். இன்னொரு ஜாக்கிரதையும் தேவை. மனுவைச் சேவைக் குறைபாடு என்ற முறையில் அமைக்க வேண்டுமேயன்றி, ஒப்பந்த நிபந்தனையே அநியாயமானது, அதை ரத்து செய்க என்று கேட்கலாகாது. அந்தப் பிரார்த்தனையைக் கேட்கும் அதிகாரம் சென்னையிலுள்ள மாநில ஆணையத்துக்கே உண்டு.

கைபேசியின் விஷயம் இவ்வளவு கடினமில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய பாறைக்குன்றுகளின் நடுவே வாழ்கிறவர்களில், கோபுரம் குன்றுக்கு அப்பால் இருக்குமானால், அலை மறைவில் அகப்பட்ட வீட்டுக்காரருக்கு சிக்னல் குன்றுவது இயற்கையே. ஆனால் கம்பெனி தன் இணையதளத்தில் வெளியிட வேண்டிய சேவைப்பரப்பு வரைபடத்தில் அந்தத் தெருவும் சேவை பெறுவதாகக் காட்டியிருந்தால், அந்தப் படமே புகாருக்கு முதல் ஆதாரம். எண்ணை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போக, PORT என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டுத் தம் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், புதிய கம்பெனியிடம் கொடுக்க வேண்டிய மாற்று எண் வந்து சேரும். ஆனால் பாக்கி இருந்தாலும், ஒப்பந்தத்தில் கண்ட விலகும் நிபந்தனையை நிறைவேற்றாமலிருந்தாலும், 2019 டிசம்பர் முதல், மாற்று எண் பிறக்கவே பிறக்காது. ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு அந்தத் தொகையைக் கட்டி வெளியேறி, பிறகு விழுப்புரத்தில் அதைத் திரும்பக் கேட்பதே என் அபிப்பிராயத்தில் நல்ல வழி.

பிராட்பேண்டில் இறுதியாக ஒன்று: மோடத்தையும் அதன் மின்வடத்தையும் ஒப்படைக்கும்போது, பெட்டியின் அடியிலுள்ள வரிசை எண்ணைக் குறித்துக் கையெழுத்திட்ட ரசீது வாங்காமல் ஆளை அனுப்பக் கூடாது, பல மாதம் கழித்துப் பெட்டி திரும்பவில்லை என்று அதன் விலையைக் கேட்டு வரும் கடிதத்துக்கு அந்தச் சீட்டைத் தவிர வேறு பதில் இல்லை.